ஆயிரம் ரூபாய் என்னும் முளை

மாதத்தின் பத்தாந் தேதியை அடுத்து வரும் நாட்களில், இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் காலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. வளைவுக்கு வளைவு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கொழுந்துக் கறை படிந்த விரல்களால் கைப்பையை இறுகப் பற்றியபடி போகும் அந்தப் பெண்களின் பையைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு இருக்குமானால், அவற்றிற் பலவற்றில் இரண்டு காகிதங்களை நாம் காண்போம். ஒன்று தோட்டத்து அலுவலகம் கொடுத்த சம்பளச் சீட்டு. மற்றொன்று, நான்காக மடித்து மடிப்பிலே கிழியத் தொடங்கிவிட்ட அடகுச் சீட்டு. முன்னது வந்த பணத்தைச் சொல்கிறது. பின்னது போன நகையைச் சொல்கிறது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மாதந்தோறும் செய்யும் கணக்கிலே மனம் எவ்வாறு புகுந்து குழப்பம் விளைவிக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். கூட்டலும் கழித்தலும் அறியாமையால் விளையும் குழப்பம் அன்று இது. மலைநாட்டுப் பெண்ணொருத்திக்குக் கூட்டல் சொல்லிக் கொடுக்க எவரும் வேண்டியதில்லை. தராசு முள் அரைக் கிலோ அசைந்தாலும் கணக்கப்பிள்ளையோடு வாதாடத் தெரிந்தவள் அவள். கணக்குப் பிழையற்றதாகவே இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு தொடங்குகிற இடம் பிழைத்திருக்கும். எண்ணத் தொடங்கும் புள்ளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும், பிறர் வாயிலிருந்தோ நம் பழைய செலவிலிருந்தோ அது தானாகவே வந்து நம் சித்தத்தில் ஊன்றிக்கொள்கிறது என்பதும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியல் அறிஞர்கள் பரிசோதனைகளால் நிறுவிய உண்மைகள்.

இந்த ஆராய்ச்சியின் தந்தையர் என்று சொல்லத் தக்கவர்கள் அமோஸ் டிவேர்ஸ்கி, டானியல் கானெமன் என்னும் இருவர். 1974ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு வேடிக்கையான சோதனை வருகிறது. பூச்சியம் முதல் நூறு வரை எண்கள் எழுதிய சக்கரத்தை மாணவர்கள் முன் சுழற்றினார்கள். அது 10இல் அல்லது 65இல் மாத்திரமே நிற்கும்படி இரகசியமாக அமைக்கப்பட்டிருந்தது. சக்கரம் நின்ற பிறகு, ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்துவ நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது கண்கூடு. ஆயினும் 10ஐக் கண்டவர்களின் விடை 25ஐ ஒட்டியும், 65ஐக் கண்டவர்களின் விடை 45ஐ ஒட்டியும் அமைந்தது. அறிஞர்கள் இதற்கு நங்கூரம் என்று பெயரிட்டார்கள். கடலைக் கண்ணாற் காணாத எங்கள் மலைநாட்டில் நங்கூரத்தைக் காட்டிலும் மாட்டுத் தொழுவத்து முளை பொருத்தமான உவமை. கட்டப்பட்ட கன்று மேய்கிறது, துள்ளுகிறது, தான் சுதந்திரமாக இருப்பதாகவே அது எண்ணவும் கூடும். கயிற்றின் நீளத்துக்கு அப்பால் உள்ள புல்லை மாத்திரம் அது ஒருபோதும் தின்பதில்லை.

அத்தகைய முளையொன்று மலையகத் தமிழரின் வாழ்விலே ஆறு ஆண்டுகள் ஊன்றி நின்றது. அதன் பெயர் ஆயிரம் ரூபாய்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைத் தொழிற்சங்கங்களும் பெருந்தோட்டக் கம்பனிகளும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தம் நிர்ணயித்து வந்த காலம் அது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முழு வரவும் காட்டிய தொழிலாளி ஒருவர் பெற்ற தொகை 620 ரூபாய்: அடிப்படைச் சம்பளம் 450, வரவுக்கான ஊக்கத்தொகை 140, தேயிலை விலைப் பங்காக 30. அந்த ஒப்பந்தம் காலாவதியான வேளையில் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. எழுந்த அந்நாளில் அது நியாயமான கோரிக்கை மாத்திரமன்று, துணிவான கோரிக்கையும் ஆகும். அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 134 ரூபாய்க்கு விற்ற காலமாதலால், ஆயிரம் ரூபாய் என்பது ஏழரை டொலருக்குச் சமம்.

பிறகு நிகழ்ந்தது யாது? 2016 அக்டோபரில் 730 ரூபாயில் ஒப்பந்தம் முடிந்தது. 2018 அக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து பெருந்திரளாகக் கூடியபோதும், அவர்கள் வாயிலிருந்த எண் அதே ஆயிரம். 2019 ஜனவரியில் 750 வந்தது. இறுதியில், கூட்டு ஒப்பந்தம் என்ற ஏற்பாடே கைநழுவிச் சம்பள நிர்ணய சபையின் மூலம் 2021 மார்ச்சில் அரசாங்க வர்த்தமானியில் அந்த எண் ஏறியது: அடிப்படை 900, வரவு செலவு நிவாரணப்படி 100, ஆக ஆயிரம். வெடி கொளுத்திக் கொண்டாடியவர்களும் உண்டு. அன்றைக்கு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாய். ஏழரை டொலராகக் கேட்கப்பட்டது ஐந்து டொலராகக் கைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு ரூபாய் நிலைகுலைந்து வீழ்ந்தபோது, 2022 மே மாதத்தில், அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைவாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஆண்டுக்கு 69.8 சதவீதம் எனக் கணக்கிடப்பட்டது.

எண் அப்படியே இருந்தது. எண்ணின் உள்ளே இருந்த சத்து ஒழுகிவிட்டது. ரூபாய் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதனால் வாங்கக்கூடிய பண்டத்தைப் பாராதிருக்கும் இந்த மயக்கத்துக்குப் பண மாயை என்று பெயர்; இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1928இலேயே இதற்கென ஒரு நூல் எழுதினார். பண மாயையும் முளையும் ஒன்று சேர்ந்தால் விளைவது விபரீதம். முளை ஊன்றியவன் அதை நகர்த்த மறந்துவிடுகிறான். காலமோ தரையைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு போகிறது.

டொலரால் அளப்பது நியாயமா என்று வாசகர் வினவலாம், நியாயமான வினாவே. தோட்டத்து லயத்தில் எவரும் டொலர் கொண்டு கடைக்குப் போவதில்லை. ஆனால் ரொட்டிக்கான கோதுமையும், பருப்பும், மண்ணெண்ணெயும் கப்பலில் வருகின்றன. டொலர் ஏறினால் அவை ஏறும். ஆகையால் டொலரை ஓர் உரைகல்லாக மாத்திரம் கொள்வோம். அந்த உரைகல்லில் இன்னொரு கோட்டையும் இழுத்துப் பார்த்தபோது நானே திகைத்தேன். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை 1,350 ரூபாயை நாட்சம்பளமாக நிர்ணயித்தது. டொலர் அப்போது ஏறத்தாழ 300 ரூபாய். எனவே 1,350 என்பது நாலரை டொலர். 2015இல் ஆயிரம் கேட்டு எழுந்தபோது தொழிலாளி வாங்கிக்கொண்டிருந்த அந்த 620 ரூபாய் எத்தனை டொலர்? நாலரைக்குச் சற்று அதிகம். ஒன்பது ஆண்டுப் போராட்டமும் ஊர்வலமும் வர்த்தமானியும் கடந்து, டொலர்க் கணக்கில் அன்று நின்ற இடத்திலேயே நின்றோம்.

அந்த 1,350ஐ மக்கள் எவ்வாறு வரவேற்றார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. அதற்கு முந்திய மே தினத்தன்று அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபாய் என்று அறிவித்திருந்தார், வர்த்தமானியும் வந்தது, கம்பனிகள் உச்ச நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றன. ஆகவே செப்டெம்பரில் 1,350 வந்தபோது, ஆயிரத்திலிருந்து 350 ஏறிற்று என்று எண்ணியவரைக் காட்டிலும், 1,700லிருந்து 350 போயிற்று என்று எண்ணியவரே அதிகம். இரண்டும் அதே 350. ஒருநாளும் கையில் வாங்காத பணம் அறிவிக்கப்பட்ட மாத்திரத்தில் உடைமையாகிவிடுகிறது. கிடைக்காதபோது அது நஷ்டமாகிவிடுகிறது. மேடையில் ஏறி எண் சொல்லுகிறவர்கள் இதை அறியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நஷ்டம் என்ற சொல்லை எடுத்தோம். டிவேர்ஸ்கியும் கானெமனும் 1979இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் உயிர்நாடி அதுதான்: நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் இன்பமும் நூறு ரூபாய் தொலைவதால் வரும் துன்பமும் சம எடை உள்ளவை அல்ல, துன்பமே கனமானது. 1992இல் அவர்கள் அளந்து சொன்ன விகிதம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். எல்லாத் தொகைக்கும் எல்லா மனிதருக்கும் இவ்விகிதம் ஒன்றாக இராது என்று பின்வந்தோர் காட்டியுள்ளனர். எனினும் நஷ்டத்தின் பக்கம் தராசு தாழ்வதைப் பெரும்பாலான ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதை விளக்கச் சக்கரமும் சோதனைக் கூடமும் தேவையில்லை. 2019 ஜனவரி ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு சம்பளச் சீட்டுகளே போதும்.

முந்திய ஒப்பந்தத்தின் 730 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 500. விலைப் பங்கு 30. வேலை நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வந்தவருக்கு வரவு ஊக்கத்தொகை 60. அன்றன்றைக்குரிய கிலோக் கணக்கை எடுத்தவருக்கு உற்பத்தி ஊக்கத்தொகை 140. புதிய ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகைகள் இரண்டும் நீங்கின. அடிப்படை 700 ஆயிற்று. விலைப் பங்கு 50 ஆயிற்று. மொத்தம் 750. கம்பனிகள் தாங்கள் செலுத்தும் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிப் பங்குகள் 105 ரூபாயையும் கூட்டி 855 என்றன. தொழிலாளர்கள் ஆயிரத்திலிருந்து எண்ணி 250 குறைவு என்றார்கள். விமர்சகர்கள் 730லிருந்து எண்ணி இருபதே ரூபாய் உயர்வு என்றார்கள். சங்கத் தலைவர்கள் 500லிருந்து எண்ணி நாற்பது சதவீத உயர்வு என்றார்கள். ஒரே தாளில் இத்தனை உண்மைகள்! எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினர்.

இனி, இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருத்தி மாதம் முழுவதும் பெரட்டுக்குத் தவறாமல் வந்து, ஒவ்வொரு நாளும் கிலோக் கணக்கை நிறைவு செய்பவள். அவளுக்குப் பழைய சம்பளம் 730. அதில் சேமலாப நிதிக்கு அவளது பங்காக அடிப்படையின் எட்டு வீதம், அதாவது 40 ரூபாய், கழியும், கைக்கு 690. புதிய ஒப்பந்தத்தில் 750லிருந்து 56 கழியும்; கைக்கு 694. நாளொன்றுக்கு நாலு ரூபாய் உயர்வு! மற்றவள் வீட்டிலே நோயாளியை வைத்துக்கொண்டு எழுபத்தைந்து வீத வரவை எட்ட இயலாதவள், கைவேகமும் குறைந்தவள். அவளுக்குப் பழைய சம்பளம் 530 மாத்திரம், கைக்கு 490. புதியதில் அவளுக்கும் 694. அவள் பெற்ற உயர்வு 204 ரூபாய். கிலோக் கணக்கு நிரம்பாவிட்டால் அரைப்பேர் போடும் தோட்டங்களில் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். அரைப்பேர் விழுந்த நாளில் எந்த ஒப்பந்தமும் சோறு போடாது.

முதலாமவளின் கோபம் நியாயமானதே. அவள் உழைப்புக்கென்று தனியே கிடைத்த 200 ரூபாய் சீட்டிலிருந்து மறைந்துவிட்டது. மறைந்த வரிகளை அவள் கண் தேடும். ஆனால் அதே சீட்டில் அவள் கண்ணுக்குத் தெரியாமல் வேறொன்று நிகழ்ந்திருந்தது. அவள் பங்கு எட்டு, கம்பனிப் பங்கு பன்னிரண்டு ஆக இருபது வீதம் சேமலாப நிதிக்குப் போகிறது: முன்பு நாளுக்கு 100 ரூபாய், இப்போது 140. நம்பிக்கை நிதிக்குக் கம்பனி செலுத்தும் மூன்று வீதம் 15லிருந்து 21 ஆயிற்று. ஆக நாளொன்றுக்கு 46 ரூபாய் கூடுதலாக அவள் பெயரில் முதுமைக்காகச் சேர்ந்தது. சீட்டில் இதற்குப் பெயர் என்ன? பிடித்தம்! சேமிப்பைப் பிடித்தம் என்று எழுதினால் மனம் அதை நஷ்டக் கணக்கில் வைக்காமல் என்ன செய்யும்? எழுதுகிற சொல்லை மாற்றினாலே பாதி மனக்கசப்பு தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் ரிச்சட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இதே சூட்சுமத்தை வேறு வழியில் பயன்படுத்தினார்கள்: இன்றைய சம்பளத்தில் கைவைக்காமல், இனி வரப்போகும் உயர்வில் ஒரு பங்கைச் சேமிப்புக்கு ஒதுக்க இன்றே சம்மதம் வாங்கினார்கள். கையில் உள்ளது குறையவில்லையாதலால் நஷ்டம் என்ற எண்ணமே எழவில்லை. ஒரு நிறுவனத்தில் 3.5 வீதமாக இருந்த சேமிப்பு நாற்பது மாதங்களில் 13.6 வீதமாயிற்று.

2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாய்ச் சம்பளத்தோடு 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகையை அரசாங்கமே தருமென்று சேர்த்து 1,750 என்ற புதிய எண்ணை முன்மொழிந்தது. வரவு ஊக்கத்தொகை மீண்டும் வந்துவிட்டது, கொடுப்பவர் மாறியிருக்கிறார். வேலைக்கு வராத நாளில் போவது சம்பளம் மாத்திரமன்று, ஊக்கத்தொகையும் கூட என்ற அச்சத்தை அது மறுபடி சீட்டிலே எழுதுகிறது.

இப்போது பையிலுள்ள இரண்டாவது காகிதத்துக்கு வருவோம்.

எங்கள் ஊர் அம்மாள் ஒருவர், அவர் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் நான் பாடம் சொல்லிக் கொடுத்த உரிமையால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை அடகுச் சீட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இரண்டு பவுண் சங்கிலியை 2019இன் தொடக்கத்தில் 80,000 ரூபாய்க்கு அடகு வைத்தவர். வட்டி ஆண்டுக்குப் பதினெட்டு வீதம் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 14,400 ரூபாய். ஒவ்வோராண்டும் வட்டியை மாத்திரம் கட்டிச் சீட்டைப் புதுப்பித்து வந்திருக்கிறார். ஐந்து ஆண்டில் 72,000.

“கட்டுன வட்டியிலயே இன்னொரு சங்கிலி எடுத்திருக்கலாம் மாஸ்டர். மனசு விட்டுப்போச்சு. ஏலத்துல போனா போகட்டும்னு இருக்கேன்” என்றார்.

அருகில் நின்ற அவர் தங்கைக்கு அது பொறுக்கவில்லை. “இம்புட்டு வட்டி கட்டிட்டு எப்புடிக்கா விடுறது? இன்னும் ரெண்டு வருசம் கட்டுவோம், எப்பயாவது மீட்டுக்கலாம்” என்றார்.

அக்காளும் தங்கையும் எதிரெதிரான முடிவைச் சொன்னார்கள். ஆனால் இருவரும் எண்ணத் தொடங்கிய இடம் ஒன்றே: கட்டிவிட்ட 72,000. அந்தப் பணம் மீளாதது. நகையை மீட்டாலும் அது திரும்பாது, விட்டாலும் திரும்பாது, இன்னும் பத்து ஆண்டு கட்டினாலும் திரும்பாது. எந்த முடிவெடுத்தாலும் மாறாத ஒரு தொகைக்கு முடிவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இதைத்தான் மீளாச் செலவு என்கிறார்கள். 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்னும் இருவர் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு சோதனை செய்தனர். ஒரு பருவத்து நாடகங்களுக்கான நுழைவுச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடியிலும் விற்றனர். நாடகம் எல்லாருக்கும் ஒன்றே, அவர்களாகத் தேடி வந்து கேட்ட சீட்டும் ஒன்றே. ஆயினும் பருவத்தின் முதற் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தனர். கொடுத்த காசு அவர்களைக் கைப்பிடித்து இழுத்து வந்தது.

திண்ணையில் நாங்கள் செய்த கணக்கு இது. இன்று சங்கிலியை மீட்க எவ்வளவு தேவை? 80,000, அத்துடன் நடப்பு மாதங்களின் வட்டி. இன்று அந்தச் சங்கிலியை நகைக் கடையில் விற்றால் எவ்வளவு கிடைக்கும்? அது 2024ஆம் ஆண்டு. பவுண் விலை 1,75,000 ரூபாயை ஒட்டி நின்றது. செய்கூலியும் சேதாரமும் விற்பவருக்குத் திரும்பக் கிடையா. கடைக்காரர் வாங்கும் விலையும் குறைவு. இரண்டு பவுணுக்கு 3,20,000 என்று அடக்கமாகவே மதிப்போம். ஆகவே அந்த மடித்த காகிதத்துக்குள் அம்மாளுக்கு உரிய சொத்தாக ஏறத்தாழ 2,40,000 ரூபாய் கிடந்தது. மனசு விட்டுப்போய் ஏலத்துக்கு விட இருந்தது அதைத்தான். தங்கையின் யோசனைப்படி வெறும் வட்டியைக் கட்டிக்கொண்டே போனால், சொந்தச் சொத்து பூட்டிக் கிடக்க, ஆண்டுக்கு 14,400 மேலும் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நகை விலை ஏறியதும் வட்டிக் கடைக்காரர் அன்போடு ஒரு வார்த்தை சொல்வார்: “இப்ப இதே நகைக்கு இன்னும் ஒன்றரை லட்சம் எடுக்கலாமே.” அந்த ஒன்றரை லட்சமும் ஒரு முளைதான். எடுக்கக்கூடிய தொகையைத் தேவையான தொகையாக மனம் மாற்றிக்கொள்ளும். வேண்டிய தொகையை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர் இந்த வலையில் எளிதில் விழமாட்டார்.

இக்கணக்கு எப்போதும் மீட்டுக்கொள் என்றே சொல்லும் என்று எவரும் நினைத்துவிடலாகாது. 2013ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் தங்கம் சரிந்தபோது, உச்ச விலையில் அடகு பிடித்த இலங்கை வங்கிகள் பெரும் நஷ்டப்பட்டன. ஏனெனில் மீட்கும் தொகை நகையின் விலையைக் காட்டிலும் அதிகமாகிவிட்ட அடகுக்காரர் பலர் மீட்க வரவில்லை. அவர்கள் செய்ததும் சரியான கணக்கே. அதே வேளையில், அடகு வைத்தது தாலிக்கொடியாக இருந்தால், சந்தை விலைக்கு மேலே கொடுத்து மீட்கிறவரை மீளாச் செலவுக்கு அடிமையானவர் என்று நான் சொல்லமாட்டேன். தாலிக்கு அவர் வைக்கும் மதிப்பு நாளைய வாழ்வைப் பற்றியது. நேற்றைய வட்டியைப் பற்றியதன்று. நாளையை நோக்கிய மதிப்பு எதுவாயினும் கணக்கில் சேர்க்கத் தக்கதே.

வறியவர்கள்தாம் இத்தகைய பிழைகளுக்கு ஆளாகிறார்கள் என்ற ஓர் இளக்காரமும் படித்தவர்களிடையே உண்டு. இதே இறம்பொடை மலைச் சரிவுகள் தேயிலைக்கு முன் கோப்பி விளைந்தவை. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பூஞ்சணம் கண்டது. விளைச்சல் குறைந்ததால் கோப்பியின் விலை ஏறியது. விலை ஏறியதைக் கண்டு, நோயுற்ற பயிரில் முதலை இறக்கியிருந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் மேலும் காடழித்து மேலும் கோப்பி நட்டார்கள். 1880களில் கோப்பி அழிந்தது. 1884இல் அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. கணக்கப்பிள்ளைகளையும் பேரேடுகளையும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஏறும் விலை அவர்களை ஏமாற்றியது என்று சற்றுப் பரிவோடும் சொல்லலாம். ஆனால் ஐந்தாண்டு வட்டி கட்டிய அம்மாளை நோக்கிச் சிரிக்க அவர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ உரிமையில்லை.

அம்மாள் ஐந்தாண்டும் வட்டியை மட்டுமே கட்டியது மனப்பிழை என்று சொல்லிவிடுவதும் முழு உண்மை ஆகாது. 80,000 ரூபாயை மொத்தமாக அவர் ஒருநாளும் கையிற் கண்டதில்லை. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, அதே மனிதரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையேனும் அடகு வைத்திருந்தார்கள். பின்னர் அது நூற்றுக்கு நான்காகக் குறைந்தது. சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளிலும் அறுவடைக்கு முன் அவர்கள் குறைந்த மதிப்பெண்ணே பெற்றார்கள். பணமுடை கையை மாத்திரமன்றி மனத்தையும் கட்டிவிடுகிறது. ஆகவே வட்டியைப் புதுப்பிக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டியது, ஏன் கட்டுகிறாய் என்பதன்று. மொத்தப் பணம் இன்று கையில் இருந்தால் மீட்பாயா என்பதே. ஆம் என்றால் அவருடைய நோய் பணமுடை. பகுதி பகுதியாக முதலைக் குறைக்க வழி தேடவேண்டும். இல்லை என்றால், அல்லது விடை சொல்லாமல் கட்டிய வட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அங்கேதான் மீளாச் செலவு பேசுகிறது.

அந்த அம்மாள் ஆம் என்றார். அவ்வாண்டு தீபாவளி முற்பணத்தில் புடவை எடுப்பதைக் குறைத்து 15,000 ரூபாயை முதலில் கட்டினார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பியதும், ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசில் சேர்ந்ததும் மாசி மாதத்துக்குள் இன்னுமொரு 20,000. மிச்சத்துக்குக் காதுத் தோட்டை விற்க முடிவு செய்தபோது தங்கை அழுதார்; அம்மாள் அழவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு முன் சங்கிலி வீட்டுக்கு வந்தது.

அடுத்த பத்தாந் தேதிக்குப் பின் அடகுச் சீட்டோடு பேருந்து ஏறவிருக்கும் வாசகர் எவரேனும் இருப்பின், அவரிடம் ஒரு வேண்டுகோள்: புறப்படுமுன் அந்தச் சீட்டின் பின்புறத்தில் இரண்டே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இன்று மீட்கத் தேவையான தொகை ஒன்று. இன்று விற்றால் கிடைக்கும் தொகை மற்றொன்று. இதுவரை கட்டிய வட்டியை அங்கே எழுதாதீர்கள்.